திகனவைப் பற்றி எழுதும்போது "பௌத்தர்கள் எரித்தார்கள்" என்று எழுதலாமா?

மகாவலிக்கரை
பெப்ரவரி 11, இரவு 9.20

எங்கள் வாசகர் வட்டம் மார்ச்சில் ஒரு சிறு மலர் போடுகிறது. அதில் 2018இல் கண்டிப் பக்கத்துத் திகன, தெல்தெனியவில் நடந்தவை பற்றி நாலு பக்கம் எழுதும் பொறுப்பு எனக்கு. என்னிடம் தந்த குறிப்பில் முதல் வரி இது: "லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம்கள் அடித்துக் கொன்றதால் ஆத்திரமடைந்த பௌத்தர்கள் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்தார்கள்."

இந்த ஒரு வரியில் இரண்டு மதமும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டன. அடித்தவர்கள் நாலு பேர். எரித்தவர்கள் ஒரு கும்பல், இல்லை, பல கும்பல்கள். நடுவில் இருக்கும் "ஆத்திரமடைந்த" என்ற சொல் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டு, இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம் என்று கதவை மூடுகிறது. நான் இதை அப்படியே போட மாட்டேன். ஆனால் எதை எழுதுவது? யாரையும் சொல்லாமல் மழுப்பினால் அதுவும் பொய். இப்படிப்பட்டவற்றை எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

டிக்கோயா
பெப்ரவரி 11, இரவு 10.05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மதத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எல்லாம் அரசியல்வாதிகள் செய்த வேலை. 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தல் முடிந்தது, அரசாங்கம் தோற்றது, மாதக் கடைசியிலேயே அம்பாறை, அடுத்த வாரம் திகன. கூட்டிக் கழித்துப் பாருங்கள். இதை எழுதினால் எந்த மதக்காரரும் கோபப்பட மாட்டார்.

மகாவலிக்கரை
பெப்ரவரி 11, இரவு 10.40

யாரும் கோபப்படக் கூடாது என்பது என் நோக்கமில்லை, டிக்கோயா. நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும். தேர்தல் முன்னால் வந்தது, தாக்குதல் பின்னால் வந்தது, உண்மை. அதற்காக முன்னால் வந்ததே காரணம் ஆகிவிடாது. அதே தேர்தல் காலியிலும் குருநாகலிலும் நடந்ததே. "பௌத்தர்கள்" என்று முழுச் சமூகத்தின் தலையில் போடுவதற்கும் "அரசியல்வாதிகள்" என்று பெயரில்லாத ஒரு கூட்டத்தின் தலையில் போடுவதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எந்த அரசியல்வாதி, என்ன செய்தார், யார் பார்த்தார்கள் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், எழுதுகிறேன்.

ஓய்ந்த நிருபர்
பெப்ரவரி 12, காலை 6.15

தங்கச்சி, முப்பது வருடம் செய்தி எழுதியவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

"ஏன் நடந்தது" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் ஒரே பதில்தான் வரும், அது எப்போதும் ஒரு சமூகத்தின் பெயராக இருக்கும். கேள்வியை உடைக்க வேண்டும். எது பற்ற வைத்தது, எது பரப்பியது, தடுக்க வேண்டியவர்கள் ஏன் தடுக்கவில்லை. மூன்றுக்கும் ஆட்கள் வேறு, ஆதாரம் வேறு.

திகதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பெப்ரவரி 22: தெல்தெனியவில் வீதியில் ஏற்பட்ட தகராறில் சாரதியை நால்வர் தாக்கினார்கள். சந்தேக நபர்கள் கைதானார்கள். அவர் மார்ச் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார். மார்ச் 5 திங்கட்கிழமை திகனவில் பெரிய தாக்குதல். மார்ச் 6 எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞரின் உடல், அன்றே நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம். மார்ச் 7 அக்குறணை, அம்பத்தென்ன பக்கம்.

இப்போது உங்கள் குறிப்பில் உள்ள வரியை இந்த வரிசைக்கு எதிரே வையுங்கள். சாவுதான் முழுக் காரணம் என்றால் அக்குறணை ஏன்? அது கண்டிக்கு அந்தப் பக்கம், மாத்தளை வீதியில். சாரதியை அடித்த ஆட்களுக்கும் அக்குறணைக் கடைக்காரருக்கும் மதத்தைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை. அம்பாறை ஏன்? அங்கே தாக்குதல் பெப்ரவரி 26 இரவு, சாரதி உயிரோடு இருக்கும்போதே. அங்கே சொன்ன காரணம் கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை. அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாவுக் கட்டி. அப்படி நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையே உலகத்தில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொன்னது.

ஆக ஒரு பகை ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்தது. தெல்தெனிய அதற்கு ஒரு சாக்கு. சாரதி செத்தது அநியாயம், அவர் வீட்டாரின் துக்கம் உண்மை. அந்தத் துக்கத்தை வேறு யாரோ எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

மகாவலிக்கரை
பெப்ரவரி 12, மதியம் 1.10

சேர், அம்பாறைத் திகதி மிகவும் உதவி. அதை ஒட்டி இன்னொன்றும் தோன்றியது. பௌத்தம் 2017 மார்ச்சிலும் இருந்தது, 2018 மார்ச்சிலும் இருந்தது. கண்டியிலும் இருக்கிறது, மொனராகலையிலும் இருக்கிறது. எப்போதும் எங்கும் ஒரேமாதிரி இருக்கும் ஒன்று, ஏன் அந்த வாரம், ஏன் அந்த ஊர் என்பதற்குப் பதிலாக முடியாது. மாறியது எதுவோ அதைத்தான் தேட வேண்டும்.

டிக்கோயா
பெப்ரவரி 12, இரவு 8.30

அதைத்தானே நானும் சொன்னேன், மதத்துக்குச் சம்பந்தமில்லை என்று. ஆனால் நீங்கள் சொன்ன கணக்கிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. காய்ந்த விறகு வருடக்கணக்கில் அடுக்கி இருக்கும், தீக்குச்சி ஒருநாள் விழும். விறகு மாறவே இல்லை என்பதால் விறகுக்குப் பங்கில்லை என்பீர்களா?

ஓய்ந்த நிருபர்
பெப்ரவரி 13, காலை 6.00

தம்பி, உங்கள் முதல் பதிவைவிட இது நல்ல கேள்வி, இது அதற்கு எதிராகவும் போகிறது. மாறாத ஒன்றுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் விறகு எது என்று காட்ட வேண்டும் அல்லவா? அந்த நாட்களில் பேஸ்புக்கில் சிங்களத்தில் ஓடியவை புத்தர் சொன்னவை அல்ல. முஸ்லிம்கள் பெருகுகிறார்கள், கடைகளைப் பிடிக்கிறார்கள், நம் பெண்களை மலடாக்குகிறார்கள். இவை எண்ணிக்கை பற்றிய பயம், வியாபாரம் பற்றிய பொறாமை. "எங்கள் மதத்துக்கு ஆபத்து" என்ற கதை ஒன்று, மதம் வேறொன்று. அந்தக் கதையைச் சொன்னவர்களில் காவி உடுத்தவர்களும் இருந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. அப்போதும் கதைக்குச் சொந்தக்காரர் அந்த ஆட்களும் அந்த அமைப்புகளும்தான். மார்ச் 8 கைதானவர்களில் மகாசொன் பலகாய என்ற அமைப்பின் தலைவர் ஒருவர். பெயருள்ள அமைப்பு, பெயருள்ள ஆள். எழுத்தில் அதைப் போடலாம்.

அக்குறணை நானா
பெப்ரவரி 13, இரவு 11.25

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

மார்ச் 7 எங்கள் பக்கத்தில் எரிந்த கடைகளில் என் மச்சானுடையதும் ஒன்று. அன்றிரவு எங்கள் பிள்ளைகளைத் தன் வீட்டு மாடியில் வைத்திருந்தது ஒரு சிங்களக் குடும்பம். அந்த அம்மா போயா தவறாமல் பன்சலைக்குப் போகிறவர். அதனால் "பௌத்தர்கள் எரித்தார்கள்" என்று யாராவது எழுதினால் முதலில் நான்தான் எதிர்ப்பேன், அவவையும் சேர்த்து எழுதியதாக ஆகும்.

ஆனால் இதற்கு மாற்றாக நீங்கள் எல்லோரும் எழுதும் வரி எது தெரியுமா? "கடைகள் எரிக்கப்பட்டன." யாரால்? இடி விழுந்ததா? சமூக ஒற்றுமை கெடக் கூடாது என்று சொல்லி வருடா வருடம் இதையே எழுதுகிறார்கள். தங்கச்சி, முழுச் சமூகத்தையும் குறை சொல்லாதீர்கள், சரி. அதற்காக எரித்தவனையும் வரியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ஊரடங்கு போட்டிருந்த நேரத்தில் அத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்று நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

மகாவலிக்கரை
பெப்ரவரி 14, காலை 7.50

நானா, இரவே வாசித்தேன். உடனே பதில் எழுத மனம் வரவில்லை.

என் வரைவில் "எரிக்கப்பட்டன", "சேதப்படுத்தப்பட்டன" என்று வந்த இடங்களை எல்லாம் வட்டம் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் யார் என்று தெரிந்தால் போடுவேன். தெரியாவிட்டால் பார்த்தவர் சொன்னதைப் போடுவேன்: "முகத்தை மூடிய, தடிகளோடு வந்த ஒரு கும்பல்" என்பதுகூட "பௌத்தர்கள்" என்பதைவிடத் துல்லியமானது, "எரிக்கப்பட்டன" என்பதைவிட நேர்மையானது. அந்தக் கும்பலை முஸ்லிம்களைக் குறிவைத்து வந்த சிங்களக் கும்பல் என்று சொல்லத்தான் வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் ஏன் பக்கத்துச் சிங்களக் கடை தப்பியது என்று புரியாது.

ஊரடங்குக் கேள்வி சேர் சொன்ன மூன்றாவது கேள்வி. அதற்குத் தனிப் பத்தி வைக்கிறேன். அதில் எந்த மதமும் வராது. பொலிஸ் எங்கே நின்றது, எப்போது வந்தது, அதுதான் வரும்.

வட்டவளை
பெப்ரவரி 14, மாலை 5.30

77 ஓகஸ்டில் எங்கள் லயத்துக்குள் புகுந்து அடித்ததைப் பற்றியும் எழுதுங்கள் மகள். அப்பாவும் அம்மாவும் இருந்ததை விட்டுவிட்டு வவுனியாப் பக்கம் போனார்கள், அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்களை அடித்தவர்கள் நாங்கள் கும்பிடும் சாமியைப் பார்த்து அடிக்கவில்லை. தமிழன் என்றுதான் அடித்தார்கள். இங்கே எல்லோரும் மதம் மதம் என்கிறீர்கள், எனக்குப் புரியவில்லை. மதம் எங்கே வந்தது?

மகாவலிக்கரை
பெப்ரவரி 14, இரவு 9.15

ஐயா, இந்த மலர் 2018 பற்றியது, 77க்கு நாலு பக்கம் போதாது. அதைத் தனியாக எழுத வேண்டும், நீங்கள் சொன்னால் நான் எழுதுகிறேன், உண்மையாகவே கேட்கிறேன்.

ஆனால் நீங்கள் கேட்டது என்னைப் பிடித்துக்கொண்டது. நம் நாட்டில் முஸ்லிம் என்பது குடிசன மதிப்பீட்டிலும் பேச்சிலும் மதம் மட்டுமில்லை, ஓர் இனமும்கூட. அப்படியானால் திகனவை "மத வன்முறை" என்று தலைப்புப் போடும்போதே நான் ஒரு காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஆதாரம் காட்டாமலே. பள்ளிவாசல்களைத் தாக்கியதால் மதம் என்கிறோம். கடைகளைத் தாக்கியதைப் பார்த்தால் வியாபாரம் என்போம். பிறப்பு விகிதம் பற்றிய பதிவுகளைப் பார்த்தால் இனம் என்போம். தலைப்பை "முஸ்லிம்கள் மீதான தாக்குதல்" என்று மாற்றுகிறேன். யார் மீது என்பது நிச்சயம். எதனால் என்பதை உள்ளே பேசலாம்.

பண்டாரவளை அக்கா
பெப்ரவரி 16, காலை 10.10

நான் கத்தோலிக்கப் பெண். இங்கே எல்லோரும் பௌத்தர்களுக்காக இவ்வளவு கவனமாக வரி வரியாகப் பார்க்கிறீர்கள், நல்லது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் பற்றி எழுதும்போதும் இதே அளவுகோல்தானா? கொச்சிக்கடைத் தேவாலயத்தில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இறந்துபோனார். "மதத்துக்கும் குண்டுக்கும் சம்பந்தமில்லை" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசியபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன். குண்டு கட்டியவர்கள் மதத்தைச் சொல்லித்தானே கட்டினார்கள்?

ஓய்ந்த நிருபர்
பெப்ரவரி 16, இரவு 8.45

அக்கா, நீங்கள் வெளியே வந்தது சரி. அதே அளவுகோல்தான், அந்த அளவுகோலின்படி "சம்பந்தமில்லை" என்பதும் பொய்தான்.

குண்டுதாரிகளின் தலைவர் சஹ்ரானும் கூட்டாளிகளும் மதத்தைச் சொல்லித்தான் செய்தார்கள். அதை எழுத வேண்டும். எந்த மதப் பேச்சு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்: தங்கள் வழிக்கு வராத முஸ்லிமையே முஸ்லிம் இல்லை என்று ஒதுக்கும் பேச்சு. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் அவருடைய ஆட்கள் மோதியது கிறிஸ்தவர்களோடு இல்லை, சூஃபி முஸ்லிம்களோடு. அதற்குப் பிறகுதான் அவர் தலைமறைவானார். அவரைப் பற்றி முறைப்பாடு செய்தவர்களும் முஸ்லிம்கள். வனாத்தவில்லு வெடிபொருள் விஷயத்தில் புலனாய்வுக்காரருக்கு உதவிய மாவனெல்லை முஸ்லிம் ஒருவரை 2019 மார்ச்சில் வீட்டுக்குள் வந்து தலையில் சுட்டார்கள். ஒரு மதமே காரணம் என்றால் இவர்கள் எல்லோரும் எந்தப் பக்கம்?

காரணத்தை அவசரப்பட்டுச் சொல்வது எப்படி என்பதற்கும் ஈஸ்டரிலேயே உதாரணம் இருக்கிறது. குண்டு வெடித்து இரண்டு நாளில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பாராளுமன்றத்தில், இது நியூசிலாந்து கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல் கொலைகளுக்குப் பழிவாங்கல் என்று முதற்கட்ட விசாரணை சொல்வதாகப் பேசினார். கிறைஸ்ட்சேர்ச் நடந்தது 2019 மார்ச் 15. வனாத்தவில்லுவில் வெடிபொருள் கிடைத்தது அதே வருடம் ஜனவரியில். ஜனவரியில் சேர்த்த வெடிமருந்துக்கு மார்ச் மாதச் சம்பவம் எப்படிக் காரணமாகும்? திகதியைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த வரி உலகம் முழுக்கப் போன பிறகுதான் பலர் பார்த்தார்கள்.

டிக்கோயா
பெப்ரவரி 16, இரவு 9.30

அப்போது திகனதான் ஈஸ்டருக்குக் காரணம் என்கிறார்களே, அது? அதில் திகதி சரியாகத்தானே இருக்கிறது, ஒரு வருடம் முன்னால்.

ஓய்ந்த நிருபர்
பெப்ரவரி 17, காலை 6.10

திகதி இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். சஹ்ரான் தலைமறைவானது திகனவுக்கு ஒரு வருடம் முன்பு, ஆகவே அந்தப் பாதை திகனவில் தொடங்கவில்லை. ஆள் சேர்க்கும்போது திகனவைக் காட்டிப் பேசியிருக்கலாம், சிலர் அதனால் போயிருக்கலாம். ஆனால் திகனவில் வீடு இழந்தவர்கள் குண்டு கட்டிக்கொண்டு போகவில்லை. "திகன அவர்களுக்கு ஒரு பேச்சுப் பொருளாக உதவியது" என்று எழுதலாம். "திகனவால் ஈஸ்டர்" என்று எழுதினால் பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளியாக்கும்.

பண்டாரவளை அக்கா
பெப்ரவரி 17, காலை 9.00

நன்றி சேர். முழுக்க ஒப்புக்கொள்கிறேன் என்று இல்லை. அந்தப் பேச்சு எங்கள் ஆட்களைக் கொல்லும் அளவுக்கு வளரும்வரை அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்களும் இருந்தார்கள். அதையும் ஒருவர் எழுத வேண்டும்.

அக்குறணை நானா
பெப்ரவரி 17, மதியம் 12.40

இருந்தார்கள் அக்கா. நானே அப்படிப்பட்ட பயான்களைக் கேட்டுவிட்டு நமக்கென்ன என்று எழுந்து போன ஆட்களைப் பார்த்திருக்கிறேன். எழுதுங்கள். யார், எந்த ஊர் என்று எழுதுங்கள்.

மகாவலிக்கரை
பெப்ரவரி 20, இரவு 10.30

இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள்: பேஸ்புக்கின் பங்கு பற்றி ஏன் பேசவே இல்லை என்று. அதனால் இது.

2020 மேயில் பேஸ்புக் நிறுவனமே 2018 வன்முறையில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. ஆகவே பங்கு இருந்தது என்று தைரியமாக எழுதலாம். எவ்வளவு பங்கு என்பதுதான் சிக்கல். மார்ச் 7 அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது, சில நாளில் வன்முறை அடங்கியது, ஆகவே முடக்கியதால்தான் அடங்கியது என்று பலர் எழுதுகிறார்கள். அதே நாட்களில் அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் இறங்கியது, ஊரடங்கு நீண்டது, முக்கிய ஆட்கள் கைதானார்கள். எல்லாம் ஒன்றாக நடந்தவை. எது அடக்கியது என்று பிரிக்க வழியில்லை. அதனால் "அடங்கிய காலத்தில் இவையெல்லாம் நடந்தன" என்று மட்டும் எழுதப் போகிறேன்.

பேஸ்புக்கே இல்லாத காலத்திலும் கண்டியில் இது நடந்திருக்கிறது, 1915 மே கடைசியில், வெசாக் இரவு. அதற்கு வேர் எங்கள் கம்பளையில்: வல்லஹாகொட தேவாலயப் பெரஹெர பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்ற வழக்கு. கண்டி நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகச் சொன்னது, உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. இதோடு யுத்தகால விலையேற்றமும் இந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள் மேல் இருந்த கோபமும் சேர்ந்தன. வழக்கா, விலையா, பௌத்த மறுமலர்ச்சியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அன்றைய ஆளுநர் சால்மர்ஸுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. இது அரசுக்கு எதிரான சதி என்று முடிவு கட்டினார்கள், இராணுவச் சட்டம் போட்டார்கள், மதுவிலக்குத் தலைவர்களைச் சிறையில் அடைத்தார்கள், ஜூலை 7 கொழும்பு நகரக் காவல் படை அதிகாரி ஹென்றி பேதிரிஸைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பான காரணத்தை நிச்சயமாக நம்பியதில் போன உயிர் அது.

ஓய்ந்த நிருபர்
பெப்ரவரி 21, காலை 6.20

பேதிரிஸைக் கொண்டுவந்தது நன்று. கம்பளை வழக்கை "வேர்" என்று எழுதியதை மட்டும் திரும்பப் பாருங்கள். வழக்கில் சம்பந்தமே இல்லாத கொழும்பிலும் கடைகளை உடைத்தார்கள். அது கண்டியில் தொடங்கியதை விளக்கும், பரவியதை விளக்காது.

மகாவலிக்கரை
பெப்ரவரி 25, இரவு 9.50

முதல் பத்தி இப்போது இப்படி:

"2018 பெப்ரவரி 22 தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் நால்வர் ஒரு லொறிச் சாரதியைத் தாக்கினர். அவர் சில நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்தார். சாரதி சிங்களவர், தாக்கியவர்கள் முஸ்லிம்கள் என்பதை முன்வைத்து, முஸ்லிம்களுக்கு எதிராக ஏற்கெனவே இயங்கிவந்த அமைப்புகள் ஆட்களைத் திரட்டின. மார்ச் 5 முதல் சிங்களக் கும்பல்கள் திகனவிலும், பிறகு இந்தச் சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத அக்குறணையிலும் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்தன. இவர்களில் வெளியூர்களிலிருந்து வந்தவர்களும் இருந்தனர். அயலில் இருந்த சிங்களக் குடும்பங்கள் சில முஸ்லிம்களைத் தங்கள் வீடுகளில் பாதுகாத்தன."

அக்குறணை நானா
பெப்ரவரி 25, இரவு 11.05

நல்லாயிருக்கிறது. "வெளியூர்" வரிதான் இடிக்கிறது. அது எல்லோருக்கும் வசதியான வரி. வெளியாட்கள் வந்தார்கள், உண்மை. எந்தக் கடை யாருடையது என்று அவர்களுக்குக் காட்டியது யார்? ஊர்க்காரன் ஒருவன் இல்லாமல் அது நடக்காது.

டிக்கோயா
பெப்ரவரி 26, காலை 8.15

அதற்கு ஆதாரம் இருக்கிறதா நானா? நீங்கள்தானே ஆதாரம் கேட்கச் சொன்னீர்கள்.

அக்குறணை நானா
பெப்ரவரி 26, காலை 8.40

பெயர்ப்பலகை இல்லாத கடையும் எரிந்தது. அதுதான் என்னிடம் இருக்கிறது.

மகாவலிக்கரை
பெப்ரவரி 26, இரவு 9.20

"வெளியூர்களிலிருந்து வந்தவர்களும் இருந்தனர்" என்பதற்குப் பின்னால் ஒரு வரி சேர்க்கிறேன்: "பெயர்ப்பலகை இல்லாத கடைகளும் குறிவைக்கப்பட்டதால் உள்ளூரார் சிலர் வழிகாட்டியிருக்க வேண்டும் என்று அக்குறணை வியாபாரிகள் சிலர் நம்புகிறார்கள்." நம்புகிறவர் யார், எதை வைத்து நம்புகிறார் என்று இரண்டும் அதில் இருக்கிறது. "குறிவைக்கப்பட்டதால்" என்று எழுதியதும் நானாவின் வட்டம் நினைவு வருகிறது, அதை "கும்பல் குறிவைத்ததால்" என்று மாற்றிவிட்டேன். நானா, உங்களைத் தவிர வேறு யாராவது இதையே சொல்வார்களா? ஞாயிற்றுக்கிழமை அக்குறணைக்கு வரலாமா? அச்சுக்குப் போவது வியாழன்.

அக்குறணை நானா
பெப்ரவரி 26, இரவு 9.35

வாங்க தங்கச்சி. மச்சானும் வருவார், அந்தச் சிங்கள அம்மாவின் மகனையும் கூப்பிடுகிறேன். அவர் வேறு மாதிரிச் சொல்வார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.